பனியில் கிடந்தவனும் காணாமல் போன 27 தொடுகோடுகளும்

1812, நவம்பர் 18. ரஷ்யாவில் க்ராஸ்னி என்ற ஊருக்கு வெளியே எங்கு பார்த்தாலும் பனி. பனியின் மேல் பிணங்கள். மாஸ்கோவைப் பிடித்துவிட்டு, பிடித்ததை வைத்துக்கொள்ள வழி தெரியாமல் திரும்பி ஓடிக்கொண்டிருந்த நெப்போலியன் படையின் கடைசி வரிசை அது. தளபதி நேயின் பிரிவு. ரஷ்யப் பீரங்கிகள் அதைச் சல்லடையாகத் துளைத்துவிட்டன. செத்துப்போனவன் என்று கணக்கெழுதி, பிரெஞ்சுக்காரர்கள் அங்கேயே விட்டுவிட்டுப் போனவர்களில் ஒரு 24 வயது இளைஞனும் இருந்தான். எஞ்சினீயர் பிரிவில் லெஃப்டினென்ட். பெயர், ழான் விக்டர் பொன்சலே.

ஆனால், ஆள் சாகவில்லை! களத்தைத் துழாவ வந்த ரஷ்யச் சிப்பாய்கள் மூச்சு இருப்பதைப் பார்த்துத் தூக்கிப்போனார்கள். அதன் பிறகு கைதிகளின் நடைப்பயணம். உறைபனியில் மாதக்கணக்கில் நடந்து, 1813 மார்ச்சில் வோல்கா நதிக்கரையில் உள்ள சரத்தோவ் நகரத்தின் சிறைக்குப் போய்ச் சேர்ந்தான். புத்தகம் கிடையாது, பேசக் கணக்கு தெரிந்த ஆசிரியர் கிடையாது. பாரிஸின் எகோல் பாலிடெக்னிக்கில் மோன்ஜ் போன்ற மேதைகளிடம் படித்ததை நினைவிலிருந்து ஒவ்வொன்றாக மீட்டெடுக்க ஆரம்பித்தான். வட்டம், நீள்வட்டம், அவற்றுக்கு வெளியே ஒரு புள்ளி, அதிலிருந்து போகும் தொடுகோடு... எல்லாம் முதலிலிருந்து. 1814 ஜூனில் விடுதலையாகிறபோது கையில் ஏழு நோட்டுப் புத்தகங்கள்!

ஒரு போர்க் கைதி உட்கார்ந்து யோசிக்கிற அளவுக்குத் தொடுகோட்டில் அப்படி என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்பது புரிகிறது. கேள்வி ரொம்பச் சின்னது. ஒரு வளைவரை இருக்கிறது. அதன் மேல் இல்லாமல் தள்ளி நிற்கிறது ஒரு புள்ளி. அந்தப் புள்ளியிலிருந்து வளைவரையைத் தொட்டுக்கொண்டு போகும் கோடுகளை எப்படிக் கண்டுபிடிப்பது? மொத்தம் எத்தனை இருக்கும்? இந்த 'எத்தனை'தான் பிற்பாடு இரண்டு பிரெஞ்சுக்காரர்களைப் பரம எதிரிகளாக்கி, ஒரு அப்பாவி ஜெர்மானியரையும் நடுவில் போட்டு மிதித்தது.

முதலில் நாமெல்லாம் செய்கிற தப்பைச் சொல்லிவிடுகிறேன். கல்லூரியில் நான் செய்து, நோட்டில் சிவப்பு மையில் பெரிய சுழி வாங்கிய தப்பு அது. y = x² என்ற பரவளையம். (1, −3) என்ற புள்ளியிலிருந்து தொடுகோடு வேண்டும். வளைவரையின் சாய்வு 2x என்று தெரியும். x-க்கு 1 போட்டேன், சாய்வு 2 வந்தது. y = 2x − 5 என்று கோட்டை எழுதிவிட்டு, 'ஆச்சு' என்று பேனாவை மூடிவிட்டேன். அந்தக் கோடு (1, −3) வழியாகப் போவது வாஸ்தவம். ஆனால் பரவளையத்தைத் தொடவே தொடாது! இரண்டையும் சமன்படுத்தினால் x² − 2x + 5 = 0 என்று வரும். அதற்கு மெய்யான விடையே இல்லை. கோடு வளைவரைக்குக் கீழே, அதன் மேல் படாமலே போய்விடுகிறது.

தப்பு எங்கே? சாய்வு 2x என்பது, வளைவரையின் மேல் தொடுகிற இடத்தின் x. நான் போட்டதோ வெளியே நிற்கிற புள்ளியின் x. தொடுகிற இடம் எது என்பது நமக்குத் தெரியாது. கேள்வியே அதுதானே! ஆகவே அதற்கு ஒரு பெயர் வைக்க வேண்டும். t என்று வைப்போம். t-யில் தொடுகிற கோடு y = 2tx − t². அது (1, −3) வழியாகப் போக வேண்டும் என்று நிபந்தனை போட்டால் t² − 2t − 3 = 0. விடை 3, அல்லது −1. ஆக இரண்டு தொடுகோடுகள். ஒன்று (3, 9)-இல் தொடுகிறது, இன்னொன்று (−1, 1)-இல். சாவி தொடும் புள்ளியில்தான் இருக்கிறது.

இனி பொன்சலேக்குப் பிடித்த வட்டத்துக்கு வருவோம். மையத்தை (0, 0)-இல் வைத்து, ஆரம் 5. சமன்பாடு x² + y² = 25. வெளியே (7, 1)-இல் நிற்கிறோம். வட்டத்தின் மேல் (a, b) என்ற இடத்தில் தொடுகிற கோடு ax + by = 25 என்பது பள்ளிப்பாடம். அது நம் புள்ளி வழியாகப் போக வேண்டுமானால், 7a + b = 25. சற்று நிதானித்து இதைப் பாருங்கள். a, b இரண்டும் தெரியாதவை. ஆனாலும் அவை இரண்டும் 7x + y = 25 என்ற ஒரு நேர்கோட்டின் மேல் இருந்தே தீர வேண்டும்! வெளியிலிருந்து இரண்டு தொடுகோடுகள் போனால், இரண்டு தொடும் புள்ளிகளும் இந்தக் கோட்டில்தான். தொடு நாண் என்று பாடப் புத்தகத்தில் வருமே, அதுதான் இது. இனி வேலை சுலபம். b = 25 − 7a என்று வட்டத்தில் போட்டால் a² − 7a + 12 = 0. a-க்கு 3, 4 என்று இரண்டு விடைகள். தொடும் புள்ளிகள் (3, 4), (4, −3). கோடுகள் 3x + 4y = 25, 4x − 3y = 25. இரண்டிலும் (7, 1)-ஐப் போட்டுச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

சரி, புள்ளியை வட்டத்துக்குள்ளே கொண்டுபோனால்? (1, 2) என்று வையுங்கள். உள்ளே இருந்துகொண்டு தொடுகோடு போட முடியாது. ஆனால் தொடு நாணின் சமன்பாடு மட்டும் எந்தக் கூச்சமும் இல்லாமல் வந்து நிற்கிறது: x + 2y = 25. வட்டத்தை விட்டு வெகுதூரத்தில், மையத்திலிருந்து 11-க்கும் மேல் தள்ளிப் போகிற ஒரு நிஜமான கோடு. தொடும் புள்ளிகள் கற்பனை எண்களாகிவிட்டன. அவற்றை இணைக்கும் கோடோ கண்ணெதிரே இருக்கிறது! 'படம் மாறிக்கொண்டே போகும்போது ஒரு உண்மை பாதியில் செத்துப்போகாது; கற்பனைப் புள்ளிகளோடு தொடரும்' என்று பொன்சலே துணிந்து சொன்னார். பாரிஸில் அதைப் பரிசீலித்த கோஷிக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. நிரூபணம் கேட்கிறவர் அவர். 'இது ஊகம், ஜாக்கிரதை' என்ற தொனியில் அறிக்கை எழுதிவிட்டார். பொன்சலே அதைக் கடைசிவரை மன்னிக்கவில்லை. (இப்போது ஈஃபில் கோபுரத்தில் பொறித்திருக்கும் 72 பெயர்களில் இருவர் பெயரும் இருக்கிறது!)

ஆக, ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு கோடு, ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு புள்ளி. மையம் மட்டும் விதிவிலக்கு. அதன் கோடு முடிவிலிக்குப் போய்விடும். இது ஒரு விசித்திரமான கண்ணாடி. புள்ளியைக் காட்டினால் கோடு தெரியும், கோட்டைக் காட்டினால் புள்ளி தெரியும். ஒரு புள்ளி ஒரு கோட்டின் மேல் நடந்துபோனால், கண்ணாடிக்குள் அதன் கோடு ஒரே புள்ளியைச் சுற்றித் திரும்பும். இந்த அடிப்படை 17-ம் நூற்றாண்டிலேயே பிரான்சின் லா ஹயருக்குத் தெரியும். பொன்சலே செய்த புது வேலை, இந்தக் கண்ணாடிக்கு முன்னால் ஒரு முழு வளைவரையைக் கொண்டுபோய் நிறுத்தியதுதான். வளைவரையின் ஒவ்வொரு தொடுகோடும் கண்ணாடியில் ஒரு புள்ளி. அந்தப் புள்ளிகளெல்லாம் சேர்ந்து இன்னொரு வளைவரை. அதைப் பிம்பம் என்று கூப்பிடுவோம்.

இங்கேதான் நம் பழைய கேள்வி புது உருவம் எடுக்கிறது. வெளியே ஒரு புள்ளியிலிருந்து ஒரு வளைவரைக்கு எத்தனை தொடுகோடுகள் என்று கேட்பதும், கண்ணாடிக்குள் ஒரு கோடு பிம்பத்தை எத்தனை இடத்தில் வெட்டும் என்று கேட்பதும் ஒன்றேதான். வளைவரையை ஒரு கோடு எத்தனை இடத்தில் வெட்டும் என்பதை அதன் சமன்பாட்டின் படி சொல்லும். வட்டத்துக்கு 2, x³ வருகிற வளைவரைக்கு 3. (கற்பனைப் புள்ளிகளையும் சேர்த்துத்தான். கோஷி கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.)

இப்போது வில்லன் வருகிறார். வில்லன் என்று சொல்வது கொஞ்சம் அநியாயம்தான். மான்பெல்லியே நகரப் பேராசிரியர் ஜெர்கோன். 1810-லிருந்து சொந்தமாக ஒரு கணிதப் பத்திரிகை நடத்தியவர். பொன்சலேயின் ஆரம்பக் கட்டுரைகளையே வெளியிட்டவர். 1826-இல் அவர் ஒரு காரியம் செய்தார். பக்கத்தை இரண்டு பத்தியாகப் பிரித்து, இடப்பக்கம் ஒரு தேற்றம், வலப்பக்கம் அதிலேயே 'புள்ளி' வரும் இடத்தில் 'கோடு' என்றும் 'கோடு' வரும் இடத்தில் 'புள்ளி' என்றும் மாற்றி இன்னொரு தேற்றம் என்று அச்சடித்தார். கண்ணாடியெல்லாம் எதற்கு, வார்த்தையை மாற்றினால் போதும், வடிவியலே இரட்டைப் பிள்ளை என்றார்! பார்க்க அவ்வளவு அழகு. பொன்சலேக்கோ பற்றிக்கொண்டு வந்தது. 'என் சரக்கை எடுத்து உன் லேபிளை ஒட்டுகிறாயா?'

போதாததற்கு, அழகின் மயக்கத்தில் ஜெர்கோன் சறுக்கிவிட்டார். மூன்றாம் படி வளைவரையின் பிம்பமும் மூன்றாம் படிதான் என்கிற மாதிரி எழுதிவிட்டார். வட்டத்துக்கு இது சரி. இரண்டு வெட்டும் புள்ளிகள், இரண்டு தொடுகோடுகள். மேலே போனால் அம்பேல்! பொன்சலே பாய்ந்து பிடித்துக்கொண்டார். ஏன் தப்பு என்பதை நம் தொடு நாணை வைத்தே பார்த்துவிடலாம். வட்டத்துக்குத் தொடும் புள்ளிகளெல்லாம் ஒரு நேர்கோட்டில் மாட்டின. நேர்கோடு என்பது முதல் படி, அதாவது வட்டத்தின் படியைவிட ஒன்று குறைவு. மூன்றாம் படி வளைவரைக்கும் இதே கணக்கைப் போட்டால், தொடும் புள்ளிகள் ஓர் இரண்டாம் படி வளைவரையில் மாட்டுகின்றன. y = x³ என்பதை (p, q) என்ற புள்ளியிலிருந்து பாருங்கள். தொடும் புள்ளிகள் 2y = 3px² − q என்ற பரவளையத்தில் உட்கார்ந்திருக்கும். மூன்றாம் படியும் இரண்டாம் படியும் சந்திக்கக்கூடிய இடங்கள் 3 × 2 = 6. ஆகவே ஒரு புள்ளியிலிருந்து மூன்றாம் படி வளைவரைக்கு ஆறு தொடுகோடுகள்! பொதுவாக n-ம் படிக்கு n(n − 1). நான்காம் படிக்குப் பன்னிரண்டு.

ஜெர்கோன் தப்பை ஒப்புக்கொண்டார். வெளிப்புள்ளியிலிருந்து போகும் தொடுகோடுகளின் எண்ணிக்கைக்கு 'படி' என்ற பேர் ஒத்துவராது என்று 'வகுப்பு' என்று தனிப் பேர் வைத்தார். அந்தப் பேர்தான் இன்றும் இருக்கிறது. பொன்சலே ஜெயித்தார். கதை முடிந்ததா?

இல்லை. ஜெயித்தவர் தலையில்தான் இடி விழுந்தது. கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை இன்னொரு தடவை அதே கண்ணாடியில் காட்டினால் என்ன வரவேண்டும்? பழைய வளைவரையே வரவேண்டும். அதில் சந்தேகமே இல்லை. இப்போது கணக்கைப் போடுங்கள். மூன்றாம் படி வளைவரை. பிம்பத்தின் படி 3 × 2 = 6. அந்தப் பிம்பத்தின் பிம்பம், 6 × 5 = 30. ஆனால் வர வேண்டியது 3! சூத்திரமும் சரி, கண்ணாடியும் சரி, விடை மட்டும் பத்து மடங்கு. 27 தொடுகோடுகள் எங்கே காணாமல் போயின?

பொன்சலே இதைக் கவனிக்காமல் இல்லை. பிம்பத்தில் ஏதோ கோளாறான புள்ளிகள் இருக்க வேண்டும், அவைதான் எண்ணிக்கையைத் தின்கின்றன என்பது வரை அவருக்கே பிடிபட்டது. ஆனால் எத்தனை புள்ளி, ஒவ்வொன்றும் எவ்வளவு தின்னும் என்று கணக்கு நேராகவில்லை. நேராக்கினவர், யூலியுஸ் ப்ளூக்கர் என்ற ஜெர்மானியர். இந்த மனிதர் முன்பு அனுப்பிய கட்டுரையை ஜெர்கோன் தன் இஷ்டத்துக்கு இரண்டு பத்தியாக வெட்டி ஒட்டிப் போட, அதைப் பார்த்த பொன்சலே 'இவனும் திருடன்' என்று ப்ளூக்கர் மேல் விழுந்து பிடுங்கினார். பாவம், தன் பேரில் வந்ததில் பாதி தான் எழுதியதே இல்லை என்று அவர் யாரிடம் சொல்வார்!

ப்ளூக்கர் கேட்ட கேள்வி இதுதான். n(n − 1) என்று எண்ணும்போது நாம் உண்மையில் எதை எண்ணுகிறோம்? இயற்கணிதத்துக்குத் 'தொடுகிறது' என்றால் என்னவென்று தெரியாது. 'கோடும் வளைவரையும் சந்திக்கும் இடங்களில் இரண்டு ஒன்றாக ஒட்டிக்கொண்டதா?' என்று மட்டும்தான் பார்க்கும். சாதாரண வளைவரையில் அப்படி ஒட்டினால் அது தொடுகோடுதான். ஆனால் வளைவரை தன்னைத் தானே குறுக்கே வெட்டிக்கொள்ளும் ஒரு முச்சந்தி, நாற்சந்தி இருக்கிறதென்று வையுங்கள். அந்தச் சந்தி வழியே எந்தக் கோடு போனாலும் இரண்டு கிளைகளை ஒரே இடத்தில் சந்திக்கும். ஒட்டியாயிற்று! தொடாத கோடு, தொடுகோடு என்று பொய்க் கையெழுத்துப் போட்டு உள்ளே வந்துவிடுகிறது. இப்படி ஒவ்வொரு குறுக்குச் சந்தியும் இரண்டு போலிகளை உள்ளே விடும். வளைவரை கூர்மையாக முனைந்து திரும்புகிற கூர்முனை இருந்தால், மூன்று போலிகள்.

கூர்முனை எப்படி உண்டாகிறது? ராத்திரியில் மலைப்பாதையில் கார் ஓட்டுகிறீர்கள். ஹெட்லைட் வெளிச்சம்தான் தொடுகோடு. இடப்பக்கம் வளைகிறபோது வெளிச்சம் இடப்பக்கமாகத் திரும்பிக்கொண்டே போகும். S மாதிரி பாதை மாறும் இடத்தில் அது ஒரு கணம் நிற்கும். பிறகு வலப்பக்கம் திரும்ப ஆரம்பிக்கும். கண்ணாடிக்குள் இந்த வெளிச்சம் ஒரு புள்ளி. போய்க்கொண்டிருந்த புள்ளி, நின்று, வந்த திசையிலேயே திரும்புகிறது. கூர்முனை! ஆக வளைவரையில் S திரும்பும் இடம் ஒவ்வொன்றும் பிம்பத்தில் ஒரு கூர்முனை. அதேபோல ஒரே கோடு வளைவரையை இரண்டு இடத்தில் தொட்டால், பிம்பம் ஒரே புள்ளிக்கு இரண்டு முறை வரும். அது குறுக்குச் சந்தி.

கோளாறு இல்லாத மூன்றாம் படி வளைவரையில் S திரும்பும் இடங்கள் ஒன்பது. (கண்ணுக்குத் தெரிகிறவை மூன்றுதான், பாக்கி கற்பனை.) அதனால் அதன் பிம்பத்தில் ஒன்பது கூர்முனைகள். ஒரு கூர்முனைக்கு மூன்று போலி என்றால், 27. முப்பதில் 27 போனால் மூன்று!

ப்ளூக்கர் இதோடு விடவில்லை. நான்காம் படிக்குப் போனார். பிம்பத்தின் படி 12. இரண்டாவது தடவை 12 × 11 = 132. வர வேண்டியது 4. ஆகப் போலிகள் 128. நான்காம் படியில் S திருப்பங்கள் 24. அவை தின்பது 72. மிச்சம் 56 போலிகள் குறுக்குச் சந்திகளிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். ஒன்றுக்கு இரண்டு வீதம் 28 சந்திகள். அப்படியென்றால், நான்காம் படி வளைவரையை இரண்டிரண்டு இடத்தில் தொடும் கோடுகள் சரியாக 28 இருந்தாக வேண்டும்! யாரும் வரைந்து எண்ணியதல்ல. கணக்கு உதைத்ததை வைத்துப் பிடித்தது. பிறகு 28-ம் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஒரு வளைவரையையும் அவரே அமைத்துக் காட்டினார். எல்லாம் 1839-இல் வந்த அவருடைய 'இயற்கணித வளைவரைகளின் கோட்பாடு' என்ற புத்தகத்தில் இருக்கிறது.

ஜெர்மனியில் இதற்கு அவருக்குப் பெரிய மரியாதை ஒன்றும் கிடைக்கவில்லை. அங்கே சமன்பாடு போட்டு வடிவியல் செய்கிறவர்களை ஏளனம் செய்கிற ஒரு கோஷ்டி இருந்தது. மனிதர் வெறுத்துப்போய் இயற்பியல் பக்கம் போய்விட்டார். காற்றை உறிஞ்சிய கண்ணாடிக் குழாயில் மின்சாரம் செலுத்தி, உள்ளே தெரியும் பச்சை ஒளியைக் காந்தத்தை வைத்து நகர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தார். எலெக்ட்ரான் கதையின் முதல் அத்தியாயங்களில் ஒன்று அது.

பொன்சலே? ஜெனரல் ஆனார். தண்ணீர்ச் சக்கரங்களைச் செப்பனிட்டுப் பரிசு வாங்கினார். ஆனால் மனசு மட்டும் ஆறவில்லை. சரத்தோவ் சிறையின் ஏழு நோட்டுகளையும் 1862-இல் அச்சுக்குக் கொண்டுவந்தார். அடுத்து, தன் பழைய பெரிய நூலை மறுபதிப்புச் செய்தபோது, நாற்பது வருஷத்துக்கு முன்னால் ஜெர்கோனோடு போட்ட சண்டைக் கட்டுரைகளையும் தேடி எடுத்துச் சேர்த்துப் போட்டார். ஜெர்கோன் அதற்குள் 1859-லேயே இறந்துபோயிருந்தார்.